ரூபாய்-மாதம்: பாஸ்புத்தகத்தைச் சரிபார்க்க ஓர் அளவை

மின்சாரக் கட்டணத்தை நாம் 'யூனிட்' கணக்கில் செலுத்துகிறோம். 1000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 100 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். எவ்வளவு திறன் என்பது மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்பதும் சேர வேண்டும். இரண்டையும் பெருக்கி வருவதுதான் அளவை.

பணத்துக்கும் இப்படி ஓர் அளவை உண்டு. ஆயிரம் ரூபாய் ஒரு மாதம் அஞ்சலகத்தில் இருந்தால் அதை 'ஓர் ஆயிரம்-மாதம்' என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய் ஆறு மாதம் இருந்தால் ஆறு ஆயிரம்-மாதங்கள். வட்டி என்பது இந்த அளவைக்குக் கிடைக்கும் விலை. தவணை தவறினால் விதிக்கப்படும் தாமதக் கட்டணமும் இதே அளவையில்தான் கணக்கிடப்படுகிறது. இந்த ஓர் எண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலுள்ள தொடர் வைப்புக் கணக்கின் பாஸ்புத்தகத்தை நீங்களே வரிவரியாகச் சோதிக்கலாம். ஆர்.டி. என்று எல்லாரும் சொல்வார்களே, அந்தப் புத்தகம்தான்.

அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுத் திட்டம். மாதம் ஒரு தவணையாக அறுபது தவணைகள். மாதம் நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம். நாம் ஒரு மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் ரூ. 1,000. கணக்கு தொடங்கிய நாள் 8-7-2020. தையல் வேலை செய்யும் ஒரு தாய் தம் மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதாவது தவணை 2025 ஜூனில் வரும். கணக்கு முதிர்வது 8-7-2025. அன்று அவர் கைக்கு எவ்வளவு வரவேண்டும்? வந்தது சரியா? இடையில் கட்டிய தாமதக் கட்டணம் சரியா? இவையே நம் கேள்விகள்.

இருப்பு ஒரு கடிகாரம்

அஞ்சலகப் பாஸ்புத்தகத்தில் 'இருப்பு' என்ற பத்தியில் தவணைகளின் கூட்டுத்தொகைதான் ஏறிக்கொண்டே போகும். தாமதக் கட்டணம் அதில் சேராது. ஆகவே இருப்பை ஆயிரத்தால் வகுத்தால், இதுவரை எத்தனை தவணை கட்டியாயிற்று என்பது தெரிந்துவிடும். எத்தனை கட்டியிருக்க வேண்டும் என்பதை நாட்காட்டி சொல்லும். ஆண்டு வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, மாத வித்தியாசத்தைக் கூட்டி, அதோடு ஒன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொடங்கிய மாதமும் ஒரு தவணையல்லவா, அதற்காகத்தான் அந்த ஒன்று. (அதை மறந்துவிட்டு ஒரு தவணை குறைகிறதே என்று பதறுகிறவர்கள் பலர்.)

2023 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வித்தியாசம் 3. அதாவது 36 மாதம். ஜனவரிக்கும் ஜூலைக்கும் வித்தியாசம் ஆறு மாதம் பின்னே. ஆகவே 36-இல் 6 போக 30. ஒன்றைக் கூட்டினால் 31. 2023 ஜனவரித் தவணையைக் கட்டிய பிறகு இருப்பு ரூ. 31,000 என்று இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் எங்கோ ஒரு தவணை நிலுவையில் இருக்கிறது.

இனி நம் மாதிரிப் புத்தகத்திலிருந்து சில வரிகளைப் பார்ப்போம்.

| தேதி | தவணை (ரூ.) | தாமதக் கட்டணம் (ரூ.) | இருப்பு (ரூ.) |
|---|---|---|---|
| 11-8-2021 | 1,000 | – | 14,000 |
| 12-10-2021 | 1,000 | – | 16,000 |
| 12-9-2022 | 1,000 | – | 27,000 |
| 10-1-2023 | 4,000 | 60 | 31,000 |
| 13-2-2024 | 1,000 | – | 44,000 |
| 8-4-2024 | 1,000 | 10 | 45,000 |
| 10-5-2024 | 1,000 | 10 | 46,000 |
| 11-6-2024 | 1,000 | 10 | 47,000 |
| 10-7-2024 | 2,000 | 10 | 49,000 |

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஆகஸ்டுக்கு அடுத்து அக்டோபர். செப்டம்பர் எங்கே? தவணை தவறிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். இருப்பைப் பாருங்கள், 14,000-லிருந்து 16,000-க்குத் தாவியிருக்கிறது. அக்டோபரில் கட்டியதோ ஆயிரம்தான். ஆகவே செப்டம்பர்ப் பணம் கணக்கில் சேர்ந்திருக்கிறது, அந்த வரி மட்டும் புத்தகத்தில் பதியப்படவில்லை. 2021 அக்டோபருக்குரிய தவணை எண்ணும் 16-தான். பணத்துக்குச் சேதமில்லை.

இதற்கு மாறாக அக்டோபர் வரியில் இருப்பு 15,000 என்று இருந்திருந்தால் செய்தியே வேறு. செப்டம்பர்ப் பணம் கணக்குக்கு வரவே இல்லை என்று பொருள். வரி விடுபட்டதா, பணமே விடுபட்டதா என்பதைத் தேதிப் பத்தி ஒருபோதும் சொல்லாது; இருப்புப் பத்திதான் சொல்லும். என் அனுபவத்தில், பாஸ்புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் தேதிகளைத்தான் பார்க்கிறார்கள்.

வீடு தேடி வந்து பணம் வாங்கும் முகவர் மூலம் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். முகவர் பணம் பெற்றதும் ஓர் அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுப்பார். அட்டையில் இருப்பது அவர் வாங்கிய நாள். பாஸ்புத்தகத்தில் இருப்பது அஞ்சலகத்தில் செலுத்திய நாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் 5-ஆம் தேதி என்றும் புத்தகத்தில் அடுத்த மாதம் என்றும் இருந்தால், தாமதம் யாருடையது என்பதற்கு அந்த அட்டையே சாட்சி.

கெடு நாள் எது?

எந்த நாளுக்குள் கட்டவேண்டும் என்பது கணக்கு தொடங்கிய நாளைப் பொறுத்தது. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கியிருந்தால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரமுண்டு. நம் கணக்கு 8-ஆம் தேதி தொடங்கியது. ஆகவே 15 தான் கெடு. ஒரே வீட்டில் அம்மாவின் கணக்கில் 20-ஆம் தேதி கட்டினால் தாமதம், அப்பாவின் கணக்கில் அதே 20-ஆம் தேதி கட்டினால் தாமதமில்லை என்று நேரலாம். முதல் பக்கத்திலுள்ள தொடக்கத் தேதியைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று மாதம் தவறினால் முப்பதா, அறுபதா?

அஞ்சலக விதி இதுதான்: தவறிய தவணைக்கு, நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் தாமதக் கட்டணம். நம் ஆயிரம் ரூபாய்த் தவணைக்கு மாதம் 10 ரூபாய். அதாவது ஓர் ஆயிரம்-மாதத் தாமதத்துக்கு 10 ரூபாய்.

2022-இல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் தவணை கட்டவில்லை. 2023 ஜனவரி 10-இல் நான்கு தவணை சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டணம் 60 ரூபாய். சிலர் இதைப் பார்த்து, "மூன்று தவணை தவறியது, தவணைக்குப் பத்து, முப்பதுதானே? இரண்டு மடங்கு வாங்கிவிட்டார்களே!" என்பார்கள். வேறு சிலர், "மூன்று தவணை, மூன்று மாதம், மூமூன்று ஒன்பது, 90 ரூபாய் ஆகியிருக்க வேண்டுமே" என்று யோசிப்பார்கள். இரண்டும் சரியில்லை.

ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் தாமதித்தது என்று தனித்தனியே பார்க்கவேண்டும். அக்டோபர்த் தவணை ஜனவரியில் வந்தது, மூன்று மாதம். நவம்பர்த் தவணை இரண்டு மாதம். டிசம்பர்த் தவணை ஒரு மாதம். ஜனவரித் தவணை உரிய காலத்தில் வந்தது, தாமதமே இல்லை. ஆக 3 + 2 + 1 = 6 ஆயிரம்-மாதங்கள். ஆறு பத்து அறுபது. புத்தகம் சொல்வது சரி.

ஒரு தவணை நிலுவைக்கு 1, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நான்குக்கு 10. இந்த வரிசையை நீங்கள் கணக்கு வகுப்பில் பார்த்திருப்பீர்கள். கோலிக்குண்டுகளை முக்கோணமாக அடுக்கினால் வரும் முக்கோண எண்கள் இவை. நிலுவை இரண்டு மடங்கானால் கட்டணம் இரண்டு மடங்கோடு நிற்காமல் மூன்று மடங்காவது இதனால்தான். நான்கு தவணைகள் நிலுவையாகிவிட்டால் கணக்கே நின்றுபோகும். அதற்குப் பின் இரண்டு மாதங்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு பணம் கட்ட முடியாது. நம் கணக்கு அந்த எல்லைக்கு ஒரு படி முன்னே தப்பித்திருக்கிறது.

ஒரே ஒரு மாதம் தவறினால்?

2024-ஆம் ஆண்டு வரிகளில்தான் நுட்பம் இருக்கிறது. பிப்ரவரி வரை இருப்பு 44,000. தவணை எண்ணும் 44. சரி. மார்ச்சில் பணம் கட்டவில்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 15-ஆம் தேதிக்கு முன்பே ஒழுங்காக ஆயிரம் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் கட்டணம்! ஜூலையில் இரண்டு தவணை கட்டியபோதும் 10 ரூபாய். தவறியதோ ஒரு மாதம். பிடித்ததோ 40 ரூபாய். இது அநியாயமல்லவா?

விதியைக் கவனியுங்கள். நிலுவை இருந்தால், கட்டும் பணம் முதலில் பழைய நிலுவைக்குத்தான் போகும்; அதன் பிறகே நடப்பு மாதத்துக்கு. ஆகவே ஏப்ரலில் கட்டிய ஆயிரம் மார்ச்சுக்குப் போயிற்று, ஒரு மாதத் தாமதத்தோடு. இப்போது ஏப்ரல் நிலுவை. மேயில் கட்டியது ஏப்ரலுக்கு, ஜூனில் கட்டியது மேக்கு. ஜூலையில் கட்டிய இரண்டில் ஒன்று ஜூனுக்கு, மற்றொன்று ஜூலைக்கு. நான்கு தவணைகள் ஒவ்வொன்றும் ஒரு மாதம் பிந்தி வந்திருக்கின்றன. 1 + 1 + 1 + 1 = 4 ஆயிரம்-மாதங்கள்; 40 ரூபாய். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும், முள்ளைத் திருப்பி வைக்கும்வரை எல்லா நேரத்திலும் ஐந்து நிமிடம் பின்தங்கியேதான் காட்டும். ஏப்ரலிலேயே இரண்டு தவணை கட்டி முள்ளைத் திருப்பியிருந்தால் பத்து ரூபாயோடு போயிருக்கும். புத்தகத்தில் மாதாமாதம் ஒரே அளவில் சிறு கட்டணம் தொடர்ந்து வருகிறது என்றால், எப்போதோ தவறிய ஒரு தவணை இன்னும் சரிசெய்யப்படாமல் நிற்கிறது என்று உடனே கண்டுகொள்ளலாம்.

முதிர்வுத் தொகை

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். அன்று எவ்வளவு கிடைக்கவேண்டும்?

முதலில் வட்டி விகிதம். அஞ்சலகத் தொடர் வைப்பில் கணக்கு தொடங்கும் நாளில் எந்த விகிதமோ அதுதான் ஐந்து ஆண்டுக்கும். 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை தொடங்கிய கணக்குகளுக்கு ஆண்டுக்கு 5.8 சதவீதம். 2023 ஏப்ரலில் அது 6.2 ஆயிற்று, ஜூலையில் 6.5, அக்டோபரில் 6.7. நம் கணக்கு 2020-இல் தொடங்கியதால் கடைசி நாள்வரை 5.8 தான். 2025-இல் பணம் வாங்கப் போனவர் 6.7 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் ஏறத்தாழ ரூ. 71,366 எதிர்பார்த்திருப்பார், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் குறைகிறதே என்று மனம் நொந்திருப்பார்.

இன்னொரு தவறான கணக்கு இதைவிடப் பிரபலம். "அறுபதாயிரம் கட்டினேன். 5.8 சதவீதம், ஐந்து ஆண்டு. வட்டி 17,400. மொத்தம் 77,400." எங்கே பிழை? அறுபதாயிரமும் ஐந்து ஆண்டு அங்கே இருக்கவில்லை. முதல் தவணை 60 மாதம் இருந்தது; இரண்டாவது 59 மாதம்; கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். 60 + 59 + ... + 1 = 1,830 ஆயிரம்-மாதங்கள். மறுபடியும் முக்கோண எண்! ஓர் ஆயிரம்-மாதத்துக்கு வட்டி 58-ஐப் பன்னிரண்டால் வகுத்து வருவது, ஏறத்தாழ 4 ரூபாய் 83 காசு. 1,830-க்கு ரூ. 8,845. இது தனி வட்டி. காலாண்டுக்கு ஒருமுறை வட்டிக்கும் வட்டி சேர்வதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் கூடும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதையும் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு காலாண்டில் மூன்று தவணைகள். முதலாவது மூன்று மாதம், அடுத்தது இரண்டு, கடைசி ஒன்று. ஆக 6 ஆயிரம்-மாதங்கள். வட்டி சரியாக 29 ரூபாய். எனவே ஒவ்வொரு காலாண்டும் ரூ. 3,029 புதிதாகச் சேர்கிறது. முந்தைய தொகையோ காலாண்டுக்கு 1.45 சதவீதம் வளர்கிறது. ஆக விதி இவ்வளவுதான்: முந்தைய தொகையை 1.0145-ஆல் பெருக்கி 3,029-ஐக் கூட்டுங்கள்.

முதல் காலாண்டு முடிவில் 3,029. இரண்டாவது முடிவில் 6,101.92. மூன்றாவதில் 9,219.40. நான்காவதில், அதாவது ஓராண்டு முடிவில், 12,382.08. இப்படியே இருபது முறை செய்யவேண்டும். நோட்டில் ஒரு பக்கம் போதும். இரண்டாம் ஆண்டு முடிவில் 25,498, மூன்றாம் ஆண்டில் 39,392, நான்காம் ஆண்டில் 54,108 அல்லது 54,109, ஐந்தாம் ஆண்டு முடிவில் ரூ. 69,697.79 வரும்.

அஞ்சலகக் கணக்கில் இது ரூ. 69,696.72. ஒரு ரூபாய் ஏழு காசு குறைவு! யார் தவறு? யாருடையதும் இல்லை. காலாண்டுக்குள் இருக்கும் ஓரிரு மாதங்களுக்கு நாம் தனி வட்டி போட்டோம். அவர்கள் அந்த மாதங்களையும் கூட்டு வட்டி முறையில், 1.0145-இன் கனமூலத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் வட்டி இம்மியளவு குறையும். ஆய்வகத்தில் அளவு எடுக்கும்போது எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்கிறோமே, அதுபோல இங்கும் எழுபதாயிரத்தில் ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் முறையின் வித்தியாசம். நூறு ரூபாய் வித்தியாசம் வந்தால் அது முறையில் வந்ததன்று, காரணத்தைத் தேடவேண்டும்.

கட்டணம் கட்டியதால் முதிர்வு குறையுமா?

நம் கணக்கில் ஏழு தவணைகள் தாமதமாக வந்தன. அவற்றுக்காக முதிர்வுத் தொகையில் ஏதாவது குறைப்பார்களா? குறைக்கக்கூடாது. இதைத்தான் முக்கியமாகச் சோதிக்கவேண்டும்.

2022-இல் தவறிய மூன்று தவணைகளையே பாருங்கள். 6 ஆயிரம்-மாதங்கள் பணம் அஞ்சலகத்தில் இல்லை. அதனால் விட்டுப்போன வட்டி 29 ரூபாய். கட்டிய தாமதக் கட்டணமோ 60 ரூபாய். விட்ட வட்டியை ஈடுகட்டி, அதற்குமேலும் 31 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. கட்டணம் செலுத்தியவுடன் அந்தத் தவணை உரிய மாதத்தில் வந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே அறுபது தவணையும் கட்டணத்தோடு முடிந்த கணக்குக்கு முழு முதிர்வுத் தொகை, ரூபாய்க்கு முழுமையாக்கினால் 69,697, கிடைத்தாக வேண்டும். தாமதக் கட்டணமும் வாங்கி, முதிர்விலும் குறைத்தால் ஒரே ஆயிரம்-மாதத்துக்கு இரண்டு முறை விலை வாங்கியதாகிவிடும்.

அந்தத் தாயின் கணக்கை முடித்துப் பார்த்தால்: தவணைகளாக 60,000, கட்டணமாக 100, ஆக ரூ. 60,100 கட்டி ரூ. 69,697 பெறுகிறார். உண்மையான ஆதாயம் ரூ. 9,597.

கட்டணத்தோடு நிலுவையைத் தீர்க்க வசதிப்படாதவர்களுக்கு வேறொரு வழியும் விதியில் இருக்கிறது. தவறியவை நான்குக்கு மேற்படாவிட்டால், எத்தனை தவணை தவறியதோ அத்தனை மாதம் கணக்கை நீட்டித்துக்கொண்டு, அந்த மாதங்களில் கட்டலாம். அப்போது முதிர்வு நாளும் அதற்கேற்பத் தள்ளிப் போகும். புத்தகத்தைச் சோதிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சொன்ன கட்டணமும் விகிதமும் அஞ்சலகத்துக்கு மட்டும் உரியவை. வங்கிகளின் தொடர் வைப்பில் கட்டண விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் ஆயிரம்-மாதங்களை எண்ணும் முறை அங்கும் உதவும்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால், எந்தத் தேதி, எந்த இருப்பு, எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பாஸ்புத்தகம், முகவர் அட்டை, ரசீதுகள் ஆகியவற்றுடன் அஞ்சலக அதிகாரியிடம் செல்லுங்கள். முழுக் கணக்கு விவரத்தையும் அச்சிட்டுத் தரும்படி கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்வது நல்லது. முதிர்ந்த பணத்தை வாங்கும் முன்பே இதைச் செய்யவேண்டும். கணக்கை முடிக்கும்போது பாஸ்புத்தகத்தை ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், எல்லாப் பக்கங்களையும் முன்னதாகவே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மாதம் ரூ. 500. கணக்கு தொடங்கிய நாள் 20-11-2023. வட்டி 6.7 சதவீதம். 2025 பிப்ரவரி, மார்ச் தவணைகள் தவறிவிட்டன. ஏப்ரல் 22-இல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அன்று கட்டவேண்டிய மொத்தப் பணம் எவ்வளவு? கட்டிய பின் இருப்பு என்ன? முதிர்வுத் தொகை எவ்வளவு?

விடை: 20-ஆம் தேதி தொடங்கிய கணக்கு; ஆகவே ஏப்ரல் 22 தாமதமன்று. கட்டவேண்டியது மூன்று தவணை 1,500, கட்டணம் 5 × (2 + 1) = 15; மொத்தம் ரூ. 1,515. ஏப்ரல் பதினெட்டாவது தவணை, இருப்பு ரூ. 9,000. காலாண்டுக்கு 1,516.75 சேர்த்து, முந்தைய தொகையை 1.01675-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் இருபதாவது முறையில் ரூ. 35,683.64 வரும், கனமூல முறையில் ரூ. 35,682.91.